தொண்டையில் முள் சிக்கினால்: சோற்று உருண்டையா, எக்ஸ்ரேயா, சி.டி. ஸ்கேனா?

மீன் குழம்பு சாப்பிடும்போது முள் குத்தினால், பக்கத்தில் இருப்பவர் முதலில் சொல்வது "சோத்தை உருட்டி மெல்லாம முழுங்கு" என்பதுதான். அடுத்தவர் வாழைப்பழத்தை நீட்டுவார். அதற்கும் போகவில்லையென்றால் மறுநாள் யாராவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். அதில் ஒன்றும் தெரியாவிட்டால் "முள் போயிருக்கும், கீறல்தான் வலிக்குது" என்று முடித்துவிடுவார்கள். இந்த வரிசையில் இரண்டு இடங்களில் தவறு நடக்கிறது. ஒன்று சோற்று உருண்டை, மற்றொன்று அந்த எக்ஸ்ரேயை நம்புவது.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று பார்ப்பதற்கு முன் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பேச முடியவில்லை, இருமல் வரவில்லை, முகம் நீலம் பாரிக்கிறது என்றால் அது மூச்சுக்குழாய் அடைப்பு. அங்கே ஸ்கேனுக்கும், குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கோப்புக்கும் வேலையில்லை. முன்பக்கம் குனியவைத்து, இரு தோள்பட்டைகளுக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஓங்கி 5 முறை தட்ட வேண்டும். பலனில்லையென்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்து, தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். அடைப்பு விலகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யலாம். அதற்குள் ஒருவர் 108-ஐக் கூப்பிட வேண்டும். கர்ப்பிணிக்கும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றை அழுத்தக்கூடாது. இனி எழுதுவதெல்லாம் நன்றாக மூச்சு விடுகிற, பேசுகிற, ஆனால் விழுங்கும்போது குத்துகிற ஆளைப் பற்றியது.

முள் எங்கே நிற்கிறது?

எந்த வழி சரி என்பதை முள் நிற்கும் இடம்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறது. மெல்லிய மீன் முள் பொதுவாக மேலேயே குத்திக்கொள்கிறது: டான்சில் சதை, நாக்கின் அடிப்பகுதி, அதற்குப் பின்னால் இருக்கும் சிறு பள்ளம். மூன்றுமே குரல்வளைக்கு மேலே இருப்பவை. வெளிச்சமும் கண்ணாடியும் இருந்தால் பார்த்து எடுத்துவிடலாம். கெண்டை, கட்லா, ரோகு போன்ற ஆற்று மீன்களில் சதைக்குள்ளேயே கவட்டை போலப் பிரிந்த சிறு முட்கள் இருப்பதால், எவ்வளவு கவனமாகப் பிரித்துச் சாப்பிட்டாலும் ஒன்றிரண்டு தப்பிவிடும்.

கோழி எலும்பு வேறு கதை. கறிக்கடையில் குறுக்கே வெட்டும்போது தெறிக்கிற சில்லு தட்டையாக, இரு முனையும் கூராக இருக்கும். பிரியாணிச் சோற்றோடு சேர்ந்து போனால் தொண்டையில் நிற்காமல் அதற்கு அடுத்த குறுகலான இடத்தில் போய்ச் சிக்கும். அது உணவுக்குழாயின் வாசல். பெரியவர்களில் முன்பற்களிலிருந்து ஏறத்தாழ 15 செ.மீ. ஆழத்தில் இருக்கிறது. அங்கே கண்ணாடி எட்டாது. பல்செட் போட்டிருப்பவர்களுக்கு இது அதிகம் நடக்கிறது. மேலண்ணம் மூடியிருப்பதால், வாயில் எலும்பு இருப்பதே அவர்களுக்குத் தெரிவதில்லை.

இடத்தை ஊகிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். குரல்வளை மேட்டுக்கு மேலே, இடம் அல்லது வலம் என்று ஒரு பக்கமாகத் தெளிவாகக் காட்டினால் பெரும்பாலும் முள் அந்தப் பக்கம்தான் இருக்கும். குரல்வளைக்குக் கீழே, நடுவில், அல்லது நெஞ்சில் என்று சொன்னால் அந்த விரலை நம்ப முடியாது. உணவுக்குழாய் தன் வலியை இடம் பிரித்துக் காட்டாது. கீழே காட்டுகிறவருக்கு ஸ்கேன் தேவைப்படும் வாய்ப்பு தொடக்கத்திலேயே அதிகம்.

வீட்டு வைத்தியத்தின் கணக்கு

சோற்று உருண்டை சில சமயம் வேலை செய்யும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. சளிப்படலத்தில் மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய முள்ளை அது இழுத்துக்கொண்டு போய்விடும். ஆனால் அந்த முள் பெரும்பாலும் இரண்டு மடக்குத் தண்ணீரிலும் ஒரு இருமலிலும் போயிருக்கக்கூடியதுதான். ஆழமாகக் குத்திய முள் மீது உருண்டை மோதும்போது நடப்பது வேறு. முள் இன்னும் உள்ளே இறங்கலாம். நடுவில் ஒடிந்து, முனை மட்டும் சதைக்குள் தங்கிவிடலாம். பிறகு மருத்துவர் பார்த்தாலும் பிடிக்க எதுவும் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. மேலே எளிதாக எடுக்கக்கூடிய இடத்திலிருந்து பெயர்ந்து உணவுக்குழாய் வாசலில் போய்ச் சிக்கவும் கூடும். ஐந்து நிமிட வேலை அப்போது மயக்க மருந்து கொடுத்துச் செய்கிற வேலையாகிவிடுகிறது.

யாரும் நினைத்துப் பார்க்காத இன்னொரு விலையும் உண்டு. முழு மயக்கம் கொடுத்து முள்ளை எடுக்க வேண்டி வந்தால், திட உணவு சாப்பிட்டு 6 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. வயிறு நிறைந்திருந்தால் மயக்கத்தில் உணவு மேலேறி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து இருக்கிறது. ஆக, ஒவ்வொரு உருண்டையும் ஒவ்வொரு வாழைப்பழமும் அந்தக் கடிகாரத்தைத் திரும்ப முதலிலிருந்து ஓடவைக்கிறது.

வினிகர், எலுமிச்சைச் சாறு இரண்டும் முள்ளை இளக்கும் என்பதில் கொஞ்சம் வேதியியல் உண்மை உண்டு. அமிலத்தில் மணிக்கணக்கில் ஊறினால் எலும்பு இளகும். தொண்டையில் அது நொடிக்கணக்கில்தான் படுகிறது. முள் அப்படியே இருக்கும். கீறல் மட்டும் எரியும். கோலா குடிப்பது உணவுக்கட்டி அடைப்புக்குச் சொல்லப்பட்ட வழி. நெதர்லாந்தில் நடந்து 2023-இல் வெளியான ஒரு சோதனையில், கோலா குடித்தவர்களுக்கும் குடிக்காமல் காத்திருந்தவர்களுக்கும் அடைப்பு விலகுவதில் வித்தியாசம் இல்லை. அதுவும் மென்மையான உணவுக்கட்டிக்குத்தான். எலும்பு சிக்கியவர்களை அதில் சேர்க்கவில்லை. விரலை விட்டுத் துழாவுவதும், வாந்தி எடுக்கவைப்பதும் எனக்குத் தெரிந்தவரை எந்தச் சூழலிலும் சரியான தேர்வு இல்லை.

வீட்டில் செய்யத் தகுந்தது இவ்வளவுதான்: இரண்டு மூன்று மடக்குத் தண்ணீர், சற்றுப் பலமாக இருமல், பிறகு வாயை அகலத் திறந்து டார்ச் அடித்து ஒரு பார்வை. டான்சிலில் முள்ளின் வால் வெளியே நீட்டிக்கொண்டு கண்ணுக்குத் தெரிந்தால், ஸ்பூனின் பின்பக்கத்தால் நாக்கை அழுத்திக்கொண்டு நீளமான இடுக்கியால் எடுக்கலாம். தெரியவில்லையென்றால் துழாவக்கூடாது. அதோடு சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? முள் போன பிறகும் கீறல் ஒன்றிரண்டு நாள் உறுத்தும். அந்த உறுத்தல் மணிக்கு மணி குறையும், பரவலாக இருக்கும். முள் நிற்கிறதென்றால் ஒவ்வொரு முறை எச்சில் விழுங்கும்போதும் அதே புள்ளியில் சுருக்கென்று குத்தும். மீன் முள், மேலே ஒரு பக்கமாக வலி, தண்ணீர் தடையின்றி இறங்குகிறது என்றால் இரவு பத்து மணிக்கு ஓட வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகலாம். கோழி எலும்பு என்றால், அல்லது வலி குரல்வளைக்குக் கீழே என்றால், அன்றிரவே போவது நல்லது. எச்சில்கூட விழுங்க முடியாமல் வழிகிறது, காய்ச்சல், கழுத்தைத் திருப்ப முடியவில்லை, நெஞ்சிலோ முதுகிலோ வலி, எச்சிலில் ரத்தம், கழுத்துத் தோலை அழுத்தினால் நறநறவென்று உணர்வு: இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

முதல் தேர்வு ஸ்கேன் அல்ல

முதலில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு பிறகு மருத்துவரைப் பார்ப்பது தலைகீழான வரிசை. பெரும்பாலான மீன் முட்கள் கண்ணால் பார்த்தே எடுக்கப்படுகின்றன. நெற்றி விளக்கு, நாக்கை அழுத்தும் தகடு, தொண்டையை மரக்கச் செய்யும் லிக்னோகெயின் ஸ்ப்ரே, சிறிய கண்ணாடி இவை போதும். அதில் தெரியாவிட்டால், மூக்கு வழியாக விடும் மெல்லிய வளையும் ஸ்கோப் நாக்கின் அடிப்பகுதியையும் குரல்வளையைச் சுற்றிய பள்ளங்களையும் காட்டும். எச்சில் இழை முள் போலவும், முள் எச்சில் இழை போலவும் தெரிவது இங்கே வழக்கமான ஏமாற்றம். தண்ணீர் குடிக்கவைத்து மறுபடி பார்த்தால் இழை மறைந்துவிடும், முள் அங்கேயே நிற்கும்.

நோயாளி ஏமாறுகிற இடமும் உண்டு. ஸ்ப்ரே அடித்ததும் வலி போய்விடும். அது மருந்தின் வேலை, முள் போனதற்கு அடையாளம் இல்லை. மரப்பு தெளியும்வரை சாப்பிடவோ குடிக்கவோ கூடாது, புரையேறும். தெளிந்த பிறகு அதே புள்ளியில் குத்துகிறதா என்பதைத்தான் கவனிக்க வேண்டும்.

ஸ்கோப்பில் முள் தெரியாமல், குரல்வளைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் எச்சில் மட்டும் தேங்கி நின்றால் மருத்துவர் சந்தேகப்படுவார். கீழே உணவுக்குழாய் வாசலில் ஏதோ தடை இருக்கிறது என்பதற்கான மறைமுகத் தடயம் அது. அங்கிருந்துதான் ஸ்கேன் பற்றிய கேள்வி தொடங்குகிறது.

எக்ஸ்ரேயும் சி.டி.யும்

கழுத்தைப் பக்கவாட்டில் எடுக்கிற எக்ஸ்ரே மலிவு, எங்கும் கிடைக்கும், சில நிமிட வேலை. கோழி, ஆட்டு எலும்பைக் காட்டுவதில் ஓரளவு உதவும். மீன் முள்ளில் கைவிட்டுவிடும். முள் மெல்லியது, அதில் சுண்ணாம்புச்சத்து குறைவு. மீனுக்கு மீன் இது மாறும். கானாங்கெளுத்தி, சால்மன் வகை முட்கள் எக்ஸ்ரேயில் ஏறத்தாழ தெரிவதே இல்லை. இன்னொரு சிக்கல், வயது ஏற ஏறக் குரல்வளைக் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிகிறது. நாற்பதைத் தாண்டியவரின் எக்ஸ்ரேயில் அந்தப் படிவு அச்சு அசலாக எலும்புச் சில்லு போலவே தெரியும். இல்லாததை இருப்பதாகவும், இருப்பதை இல்லையென்றும் காட்டக்கூடிய படம் இது.

அப்படியானால் எக்ஸ்ரேயால் பயனே இல்லையா? முள்ளைத் தேடுவதைவிட, முள் செய்த கேட்டைத் தேடுவதில் அது உதவும். முதுகெலும்புக்கு முன்னால் உள்ள சதையின் தடிமன் அதிகரித்திருந்தால் வீக்கமோ சீழோ இருக்கலாம். பெரியவர்களுக்குக் கழுத்தெலும்பு வரிசையில் இரண்டாவது எலும்பின் மட்டத்தில் 7 மி.மீ., ஆறாவதின் மட்டத்தில் 22 மி.மீ. என்பதை வழக்கமான மேல் எல்லையாக வைத்துப் பார்ப்பார்கள். சதைக்குள் காற்றுக் குமிழி தெரிந்தால் சுவர் ஓட்டையாகியிருக்கிறது என்று பொருள். எக்ஸ்ரேயில் ஏதாவது தெரிந்தால் அது பயனுள்ள செய்தி. ஒன்றும் தெரியவில்லை என்பது செய்தியே இல்லை.

சி.டி. ஸ்கேன் இந்த வேலைக்குப் பல மடங்கு நம்பகமானது. முள் இருக்கிறதா என்பதோடு நிற்காமல், எவ்வளவு நீளம், நேராக நிற்கிறதா குறுக்காகவா, முனை சுவரைத் தாண்டியிருக்கிறதா, பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லும். எடுக்கப்போகிறவருக்கு இந்தக் கடைசி விவரங்கள்தான் முக்கியம். கதிர்வீச்சு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு அதிகம், தனியார் மையத்தில் சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனாலும் முதலில் எக்ஸ்ரே, அதில் தெரியாததால் பிறகு சி.டி. என்று இரண்டுக்கும் செலவழிப்பதைவிட, மீன் முள் சந்தேகத்தில் நேராக சி.டி. எடுப்பதே கணக்குக்கு ஒத்துவரும் என்பது என் கருத்து.

சி.டி.யும் தவறாக எடுக்கப்படலாம். சீட்டில் வெறும் "கழுத்து சி.டி." என்று எழுதினால், உடலை அடுக்கடுக்காகப் படம் பிடிக்கும் அந்த வெட்டுகளை வழக்கம்போலக் கனமாக எடுத்து முடித்துவிடும் வாய்ப்பு உண்டு. 5 மி.மீ. வெட்டில் மெல்லிய முள் கரைந்துபோகும். சுமார் 1 மி.மீ. வெட்டு வேண்டும். "மீன் முள் தேடுகிறோம்" என்பது சீட்டில் இருக்க வேண்டும். படத்தில் வெண்மையாகக் காட்டுவதற்காகக் கொடுக்கும் மருந்து முதல் படத்துக்கு ஊசியாகவும் வேண்டாம், வாய்வழியாகவும் வேண்டாம். வாய்வழி மருந்தின் வெண்மையில் முள்ளின் வெண்மை மறைந்துவிடும். சீழ், ரத்தக்குழாய் சந்தேகம் இருந்தால் பிறகு ஊசி மருந்தோடு மறுபடி எடுப்பார்கள். வலி நெஞ்சில் என்றால் கழுத்தோடு நிறுத்தாமல் நெஞ்சுப் பகுதியையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் உணவுக்குழாய் அடுத்துக் குறுகுவது பெருந்தமனி வளைவு அதை அழுத்துகிற இடத்தில். படம் எடுக்கும் சில நொடிகள் எச்சில் விழுங்காமல் இருந்தால் படம் ஆடாது. உலோகத்தால் அடைத்த பற்கள் இருந்தால் அந்த மட்டத்தில் படம் சிதறும், டான்சில் முள் அதில் ஒளிந்துகொள்ளலாம். அந்த இடத்தைக் கண்ணால் பார்ப்பதே மேல்.

பேரியம் குடிக்கவைத்து எடுக்கும் பழைய படத்தைத் தவிர்க்க வேண்டும். புரையேறலாம், ஓட்டை இருந்தால் வெளியே கசியலாம், பிறகு ஸ்கோப் விடும்போது எல்லாம் வெள்ளையாகப் பூசியிருக்கும். எம்.ஆர்.ஐ.யில் முள் சரியாகத் தெரியாது.

ஸ்கேனைத் தாண்டி நேராக ஸ்கோப்

சில நேரம் ஸ்கேன்தான் தேவையில்லாத தாமதம். எச்சில்கூட இறங்காத முழு அடைப்பு, அல்லது எலும்பு உணவுக்குழாயில் இருப்பது ஏற்கெனவே தெளிவு என்றால் நேரத்துக்கே முதல் மதிப்பு. உணவுக்குழாயில் கூரான பொருள் இருந்தால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும் என்று ஐரோப்பிய எண்டோஸ்கோபி சங்கத்தின் 2016 வழிகாட்டுதல் சொல்கிறது. 24 மணி நேரம் தாண்டினால் சுவர் ஓட்டையாவது, சீழ் பிடிப்பது போன்ற சிக்கல்கள் அதிகமாகின்றன.

எந்த ஸ்கோப் என்பதும் இடத்தைப் பொறுத்ததுதான். வாசலிலேயே சிக்கிய எலும்புக்கு, முழு மயக்கத்தில் காது மூக்கு தொண்டை மருத்துவர் விடும் விறைப்பான குழாய் வசதி. வளையும் ஸ்கோப் அந்த இடத்தை வழுக்கிக் கடந்துவிடும், நின்று வேலை செய்ய இடம் கிடைக்காது. அதற்குக் கீழே என்றால் குடல் இரைப்பை மருத்துவரின் வளையும் ஸ்கோப் போதும். முனையில் ஒரு ஒளி ஊடுருவும் தொப்பி மாட்டி, எலும்பின் கூர்முனையை அதற்குள் இழுத்துக்கொண்டு வெளியே வருவார்கள், வழியில் சுவரைக் கிழிக்காமல் இருக்க. குறுக்காக இரு முனையும் குத்தி நிற்கும் முள்ளை நடுவில் பிடித்து இழுத்தால் இரண்டு பக்கமும் கிழியும். ஒரு முனையை முதலில் விடுவித்து, முள்ளை நெடுக்காகத் திருப்பிக்கொண்டுதான் எடுக்க வேண்டும். எந்த முனை ஆழமாக இருக்கிறது என்பதை சி.டி. முன்பே சொல்லியிருந்தால் இந்த வேலை எளிது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு சனிக்கிழமை மதியம் 1:30-க்கு, 52 வயதுப் பெண் ஒருவர் கட்லா குழம்பு சாப்பிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். இடது பக்கம், குரல்வளைக்கு மேலே குத்துகிறது. மூன்று சோற்று உருண்டை, ஒரு வாழைப்பழம். 2:15-க்கு இடது பக்கக் குத்தல் போய்விட்டது, ஆனால் நடுவில், கீழே புதிதாக வலிக்கிறது. வீட்டில் "இறங்கிடுச்சு" என்கிறார்கள். உண்மையில் இதுதான் எச்சரிக்கை: வலி குறையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

4:30-க்குத் தொண்டையைப் பார்த்ததில் முள் இல்லை, இடது பள்ளத்தில் எச்சில் தேங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் குரல்வளைக்குப் பின்னால் ஒரு மங்கலான கோடு. 52 வயதில் அது சுண்ணாம்புப் படிவாகவும் இருக்கலாம். இங்கே இரண்டு வழி இருக்கிறது. மருந்து எழுதி வாங்கிக்கொண்டு திங்கட்கிழமை வருவது ஒன்று, அன்று மாலையே சி.டி. எடுப்பது மற்றொன்று. 6 மணிக்கு எடுத்த சி.டி.யில், உணவுக்குழாய் வாசலில் 2 செ.மீ. நீள முள் குறுக்காக நிற்பதும், இடது முனை சுவரைச் சற்றுத் தாண்டியிருப்பதும் தெரிகிறது. காற்றுக் குமிழி இல்லை, சீழ் இல்லை. கடைசியாகச் சாப்பிட்டது 2:15 என்பதால் 8:15-க்கு மயக்கம் கொடுத்து எடுக்கலாம். குமிழியோ ரத்தக்கசிவோ தெரிந்திருந்தால் மயக்க மருத்துவர் வயிறு நிறைந்தவருக்கான முறையில் அதற்கு முன்பே தொடங்கியிருப்பார். திங்கள்வரை காத்திருந்தால், அதே முனை கழுத்துச் சதைக்குள் நகர்ந்து, ஸ்கோப்பில் எதுவுமே தெரியாத நிலை வந்திருக்கலாம். அப்போது கழுத்தைத் திறந்து தேட வேண்டும்.

எடுத்த பிறகு சுவரில் கிழிசல் இருந்தால் வாய்வழியாக எதுவும் கொடுக்காமல் மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு காய்ச்சல், நெஞ்சுவலி, கழுத்து வீக்கம் வந்தால் உடனே திரும்ப வேண்டும். ரத்த வாந்தி ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும் அலட்சியம் கூடாது. முள் பெருந்தமனியைத் தொட்டிருந்தால் முதலில் கொஞ்சம் ரத்தம், பிறகு சில மணி நேரமோ சில நாட்களோ அமைதி, அதன் பின் கட்டுக்கடங்காத ரத்தப்போக்கு என்று வருவதுண்டு.

சி.டி.யிலும் ஒன்றும் இல்லையென்றால்? வலி குறைந்துகொண்டே வந்தால் அது கீறல்தான். இரண்டு நாள் மென்மையான உணவு சாப்பிட்டுக் காத்திருக்கலாம். அதே புள்ளியில் அதே குத்தல் நீடித்தால் ஸ்கேனை விட்டுவிட்டு ஸ்கோப்பால் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மிகச் சிறிய முள் சி.டி.யின் கண்ணிலும் தப்பும். ஸ்கேன் எடுத்ததற்கும் ஸ்கோப்புக்கும் இடையே பல மணி நேரம் ஆகிவிட்டால் முள் அதற்குள் வயிற்றுக்கு இறங்கியிருக்கவும் கூடும்; அப்போது வலியும் போயிருக்கும். மேஜையில் ஏறும் முன் "இப்போ குத்துதா?" என்று மருத்துவர் இன்னொரு முறை கேட்பது அதற்காகத்தான்.